கேத்தலும் கதிரையும்: ஞாபகமூட்டலுக்குள் எழுத வேண்டிய ஒரு வசனம்

இப்போது அநேகமான வீடுகளில் கைபேசி ஒரு கணக்குப்பிள்ளையைப் போல வேலை செய்கிறது. "மருந்து", "நடை", "தண்ணீர்", "உடற்பயிற்சி" என்று ஒவ்வொரு வேளைக்கும் ஒரு மணி. மணி அடிக்கிறது, நாம் விரலால் ஒரு தட்டுத் தட்டி அதை அடக்கிவிட்டுச் செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர்கிறோம். மருந்துக்கு இது பெரும்பாலும் போதும். மருந்தில் உள்ள சிக்கல் மறதி. ஞாபகம் வந்தால் குளிசையை எடுத்து வாயில் போட அரை நிமிடம். ஆனால் உடற்பயிற்சி, கால் பராமரிப்பு, படிப்பு போன்றவற்றில் சிக்கல் மறதி அல்ல. ஞாபகம் இருந்துகொண்டே இருக்கிறது. தொடங்குவதற்குத்தான் உடம்பு எழும்புவதில்லை. அப்படிப்பட்ட காரியத்துக்கு "உடற்பயிற்சி" என்ற ஒற்றைச் சொல்லை மணியோடு அனுப்பினால், அது ஞாபகமூட்டலாக இராமல் ஒரு குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது.

இதை நான் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டு மாமியிடமிருந்து. அவரது கதையைச் சொல்வதற்கு முன்னால், இந்த விடயத்தை ஆராய்ந்தவர்கள் கண்ட ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீட்டர் கொல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1999இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், ஒரு காரியத்தைச் செய்ய விரும்புவதும், அதை எந்தக் கணத்தில், எப்படித் தொடங்குவது என்று முன்கூட்டியே ஒரு வசனத்தில் முடிவு செய்து வைப்பதும் இரண்டு வெவ்வேறு வேலைகள் என்று விளக்கினார். "நான் உடற்பயிற்சி செய்வேன்" என்பது முதலாவது. "இன்னது நடந்தால், நான் இன்னதைச் செய்வேன்" என்பது இரண்டாவது. இரண்டாவது வகை வசனத்துக்கு இரண்டு பாதிகள் உண்டு. முன்பாதி, கண்ணுக்கோ காதுக்கோ தட்டுப்படும் ஒரு சந்தர்ப்பம். பின்பாதி, அந்தச் சந்தர்ப்பத்தில் செய்யும் முதல் அசைவு. முன்கூட்டியே முடிவு செய்துவிட்டபடியால், அந்தக் கணம் வரும்போது "இப்போது செய்வோமா, பிறகு செய்வோமா" என்று மனதோடு வழக்காட வேண்டியதில்லை. தொடங்குவதைத் தடுப்பது அந்த வழக்குத்தான்.

இது வெறும் பேச்சல்ல என்பதற்குப் பெண்களிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வைச் சொல்லலாம். 1997இல் இங்கிலாந்தில் ஷீனா ஓர்பெல் என்பவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும், மார்பகத்தைத் தாமே பரிசோதித்துக்கொள்வது பற்றி ஒரு பல்கலைக்கழகத்துப் பெண்களிடம் ஆராய்ந்தார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும், வரும் மாதத்தில் எங்கே, எப்போது அதைச் செய்வீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். ஒரு மாதத்தின் பின் கேட்டபோது, செய்ய வேண்டும் என்று உண்மையாகவே எண்ணியிருந்த பெண்களுள், எழுதி வைத்த அனைவருமே செய்திருந்தார்கள். எழுதாதவர்களில் செய்தவர்கள் 53 வீதம் மட்டுமே. இரு சாராருக்கும் ஒரே எண்ணம்தான். வித்தியாசம் ஒரு வசனம். "உண்மையாகவே எண்ணியிருந்த" என்ற சொற்களை வாசகியர் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் வீடு அம்பிட்டியப் பக்கம், பாதையிலிருந்து 42 படிகள் ஏறி வர வேண்டிய இடத்தில் இருக்கிறது. கண்டியைச் சுற்றி வசிப்பவர்களுக்கு இது புதுமையல்ல. ஒன்றில் படி ஏற வேண்டும், அல்லது படி இறங்க வேண்டும். மாமிக்கு வயது 64. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம், வலது பக்கம் கூட. ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்குக் கஷ்டம். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கு வெள்ளி தவறாமல் போய்க்கொண்டிருந்தவர், மாதம் ஒருமுறை என்றாகி, பிறகு போவதையே நிறுத்திவிட்டார். கிளினிக்குக்குப் போகும் நாளில் மட்டும் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். இப்படியே போனால் இந்த 42 படிகள்தான் அவரை வீட்டுக்குள் பூட்டி வைக்கப் போகின்றன என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பிசியோதெரபிப் பிரிவில் அவருக்கு ஒரு பயிற்சி காட்டிக் கொடுத்திருந்தார்கள். முதுகு சாயக்கூடிய கதிரையில் நிமிர்ந்து இருக்க வேண்டும். ஒரு காலை மெதுவாக முன்னால் நீட்டி, முழங்காலை நேராக்கி, தொடையின் முன்பக்கத் தசையை இறுக்கி, 5 வரை எண்ணி, மெதுவாகக் கீழே விட வேண்டும். வலது காலுக்கு 10 தடவை, இடது காலுக்கு 10 தடவை. முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசைதான். அது மெலிந்துவிட்டால் படி இறங்கும்போது பாரமெல்லாம் மூட்டின்மேலேயே விழுகிறது என்று அங்கிருந்த பெண் விளங்கப்படுத்தினார். மாமி அதை நன்றாகவே விளங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து எங்களுக்கும் அப்படியே செய்து காட்டினார். பிறகு இரண்டு மாதங்களில் மொத்தம் ஐந்தாறு நாட்கள்தான் செய்திருப்பார்.

என் கணவர் அவரது கைபேசியில் மாலை 5 மணிக்கு "பயிற்சி" என்று ஓர் அலாரம் வைத்துக் கொடுத்தார். மாலை 5 மணி என்பது எங்கள் வீட்டில் எப்படிப்பட்ட நேரம் என்று அவருக்குத் தெரியாது. அந்நேரம் அவர் வீட்டில் இருப்பதில்லை. மழை இருட்டிக்கொண்டு வரும், கொடியில் காயும் உடுப்புகளை எடுக்க வேண்டும், பிள்ளைகள் டியூஷன் முடிந்து பசியோடு வருவார்கள். மணி அடிக்கும், மாமி அதை அடக்கிவிடுவார். சில வேளைகளில் "Snooze" என்று வரும் இடத்தைத் தட்டிவிடுவார். அது பத்து நிமிடத்துக்கொரு தடவை அடித்து அடித்து வீட்டையே கோபப்படுத்தும். "மறக்கல்ல மகள்" என்றார் என்னிடம். "மணி அடிக்க முன்னமே எனக்கு ஞாபகம் இருக்கு. இருந்து தொடங்கத்தான் மனம் வருதில்ல." நோயை அவரே சரியாகக் கண்டுபிடித்துச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வசனத்தைப் பற்றி நான் மாமிக்குச் சொன்னபோது, அவர் உடனே ஒன்று சொன்னார்: "நேரம் கிடைச்சா பயிற்சி செய்வேன்." கேட்பதற்கு "நடந்தால், செய்வேன்" என்ற அமைப்புத்தான். ஆனால் "நேரம் கிடைப்பது" என்பது ஒரு சம்பவம் அல்ல. அது வாசலில் வந்து நின்று கூப்பிடாது. வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு அது நடந்ததாக எந்த நாளும் தோன்றாது. முன்பாதியில் வைப்பது, நடந்தது என்று ஐயமில்லாமல் அறியக்கூடியதாக இருக்க வேண்டும். "ஓய்வாக இருந்தால்", "மனம் நன்றாக இருந்தால்", "வேலை முடிந்தால்" ஆகிய மூன்றும் இதனால்தான் பயன்படுவதில்லை.

அடுத்ததாக, மாலையில் விளக்கு வைக்கும் நேரத்தைத் தெரிவு செய்தோம். அது கண்ணுக்குத் தெரியும் செயல், நாள்தோறும் நடப்பது, மாமியே செய்வது. நல்ல தெரிவு போலத்தான் இருந்தது. ஆனால் ஒரு வாரம் கவனித்தபோது குறை தெரிந்தது. விளக்கு வைத்தபின் மாமி நேரே குசினிக்குப் போய் இரவுச் சமையலில் இறங்கிவிடுவார். விளக்குக்கும் கதிரைக்கும் இடையில் வேறொரு வேலை நுழைந்துவிடுகிறது. அத்துடன், சொந்தத்தில் ஒரு மரணம் நிகழ்ந்து தீட்டு வந்ததால் விளக்கு வைக்காத நாட்கள் வந்தன. அந்த நாட்களில் பயிற்சியும் போயிற்று. ஆகவே முன்பாதிக்குத் தேவையானது தினமும் நடக்கும் செயல் மட்டுமல்ல. அது முடிந்ததும் கையும் காலும் சும்மா இருக்கும் சிறு இடைவெளி ஒன்றும் இருக்க வேண்டும்.

அந்த இடைவெளியைத் தேடியபோது காலைத் தேத்தண்ணிக் கேத்தல் அகப்பட்டது. வீட்டில் முதலில் எழும்புபவர் மாமி. காலை ஐந்தரை மணியளவில் கேஸ் அடுப்பில் கேத்தலை வைப்பார். எங்கள் ஐந்து பேருக்கும் தண்ணீர் கொதிக்க ஐந்து நிமிடத்துக்கு மேலாகும். அந்த நேரம் அவர் யன்னலருகே நின்று வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். வேறு வேலை இல்லை. பயிற்சிக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று கணக்குப் பார்த்தோம். காலை நீட்ட, 5 எண்ண, கீழே விட, ஒரு மூச்சு விட, எல்லாமாக ஒரு தடவைக்குப் பத்து செக்கன் வைத்தால், இரண்டு கால்களுக்கும் 20 தடவை 200 செக்கன். மூன்றரை நிமிடம் கூட இல்லை. தண்ணீர் கொதிக்க முன் முடிந்துவிடும்.

வசனம் இப்படி அமைந்தது: "கேத்தலை அடுப்பில் வைத்ததும், குசினிக் கதிரையில் இருந்து வலது காலை நீட்டுவேன்."

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் உண்டு. "பயிற்சி செய்வேன்" என்று எழுதாமல் "வலது காலை நீட்டுவேன்" என்று எழுதினோம். தொடங்குவதுதான் பாரம் என்றால், பின்பாதியில் இருக்க வேண்டியது முழு வேலை அல்ல, அதன் முதல் அசைவு. கதிரையில் இருந்து ஒரு காலை நீட்டியவர் மீதி 19 தடவைகளை விட்டுவிட்டு எழும்புவது அருமை. கதிரையையும் பெயர் சொல்லிக் குறித்தோம். அதுவரை அந்தக் கதிரை குசினி மூலையில் வெங்காயக் கூடையைச் சுமந்துகொண்டிருந்தது. கூடை வேறு இடத்துக்குப் போயிற்று. இதையும் வசனத்தின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும். கதிரையை வெறுமையாக்க வேண்டியிருந்தால் அதுவே முதல் அசைவாகி, அங்கேயே காரியம் நின்றுவிடும்.

இன்னொன்று நம் மொழியைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் "நடந்தால்" என்ற பொருளில்தான் இந்த வசனத்தைத் தொடங்குகிறார்கள். நாமும் முதலில் "கேத்தலை வைத்தால்" என்றுதான் எழுதினோம். மாமி அதை வாசித்துவிட்டு, "வைத்தால் என்ன, வைக்கத்தானே போறன்" என்று சிரித்தார். அவர் சொன்னது சரி. நம் பேச்சில் "-ஆல்" என்று முடியும் சொல்லில் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: "வந்தால் பார்ப்போம்", "கிடைத்தால் தருகிறேன்." நிச்சயமாக நடக்கப்போகும் ஒன்றுக்கு "வைத்ததும்" என்பதே பொருந்தும், அதில் கையோடு கை கோத்த விரைவு இருக்கிறது. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்ற சந்தர்ப்பங்களுக்கு "-ஆல்" வடிவத்தை வைத்துக்கொள்ளலாம். அதேபோல "நீட்ட வேண்டும்" என்று எழுதவில்லை. "வேண்டும்" என்பது வேறு யாரோ நமக்கு இடும் கட்டளை. "நீட்டுவேன்" என்பது தன் வாயால் சொல்வது.

பிறகு இந்த வசனத்தை ஞாபகமூட்டலுக்குள் வைத்தோம். ஐந்தரைக்குக் கேத்தல் ஏறும் என்பதால் அலாரத்தை 5.20க்கு வைத்தோம். ஐந்தரைக்கே வைத்திருந்தால், கையில் தண்ணீரோடு நிற்கும்போது மணி அடித்து எரிச்சல் மூட்டியிருக்கும். பத்து நிமிடம் முன்னதாக வந்தால் வசனத்தை ஒரு தடவை வாசிக்க நேரம் உண்டு. கைபேசியின் அலாரத்தில் பெயர் எழுதும் ஓர் இடம் இருக்கிறது. அதில் முழு வசனத்தையும் எழுதியபோது, பூட்டிய திரையில் முதல் இரண்டு மூன்று சொற்கள்தான் தெரிந்தன. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆகவே அங்கே "கேத்தல் வைத்ததும் வலது கால்" என்று சுருக்கினோம். முழு வசனத்தையும் மாமி தன் கையாலேயே ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, தேயிலைப் போத்தலில் ஒட்டினார். அவர் கையெழுத்தில் இருப்பது நல்லதென்று எனக்குத் தோன்றியது. அச்சடித்த கட்டளை போல அது இருக்கவில்லை. கண் மங்கிய முதியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. வசனத்தை அவர்களது குரலிலேயே கைபேசியில் பதிவு செய்து, அதையே அலார ஒலியாக வைக்கலாம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவருக்கு என் மகன் அப்படிச் செய்து கொடுத்தான். தன் குரலே தன்னை எழுப்புவதைக் கேட்டு அவர் முதல் நாள் பயந்தே போனாராம்.

முதல் மூன்று வாரங்களில் மாமி இரண்டு நாட்கள்தான் தவறவிட்டார். நான்காவது வாரம் பாடசாலை விடுமுறைக்கு மச்சாள் பிள்ளைகளோடு வந்தார். தாய்க்கு ஓய்வு கொடுக்க நினைத்து, அவரே காலையில் எழும்பித் தேத்தண்ணி போடத் தொடங்கினார். மாமி கேத்தல் வைக்கவில்லை; காலும் நீளவில்லை. அலாரம் வழக்கம்போல 5.20க்கு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆறு நாட்கள் இப்படிப் போனபின் தான் காரணம் விளங்கியது. வசனத்தின் முன்பாதி மற்றவர் கைக்குப் போய்விட்டது. அதற்காக இரண்டாவது வசனம் ஒன்றை எழுதினோம்: "வேறு யாராவது கேத்தல் வைத்தால், கட்டில் விளிம்பில் இருந்தே வலது காலை நீட்டுவேன்." இங்கே "வைத்தால்" பொருந்துகிறது, அது நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

மூன்றாவதாக ஒரு வசனம் கிளினிக்கில் சொன்னதை வைத்து எழுதியது: முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தால் அன்று பயிற்சியை நிறுத்தி, குறையாவிட்டால் போய்க் காட்டுவேன் என்பது. இத்துடன் நிறுத்திக்கொண்டோம். மாமிக்கு உற்சாகம் பிறந்து, தண்ணீர் குடிப்பதற்கும் சீனியைக் குறைப்பதற்கும் சேர்த்து ஆளுக்கொரு வசனம் எழுதலாம் என்றார். நான் மறித்தேன். 2012இல் ஆமி டால்டன், ஸ்டீபன் ஸ்பில்லர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒரு நோக்கத்துக்கு இப்படித் திட்டமிட்டவர்களுக்குப் பலன் கிடைத்தது. பல நோக்கங்களுக்கு ஒரே சமயத்தில் திட்டமிட்டவர்களுக்கு அந்தப் பலன் இல்லாமல் போயிற்று. எல்லாவற்றையும் வரிசையாக எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு கஷ்டம் என்பதுதான் முன்னால் நிற்கிறதாம். வீட்டுக் கணக்குக் கொப்பியில் கடன்களை எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இனி, அலாரத்தை எப்போது எடுப்பது? இதைப் பலர் யோசிப்பதில்லை. லண்டனில் கத்தர்சினா ஸ்டவார்ஸ் என்பவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைப் பற்றியது. கைபேசி ஞாபகமூட்டல் பெற்றவர்கள் காரியத்தைக் கூடுதலான தடவைகள் செய்தார்கள். ஆனால் அது தானாக நடக்கும் பழக்கமாக அவர்களிடம் வேரூன்றுவதை அந்த ஞாபகமூட்டலே தடுத்தது. அன்றாட வேலையொன்றோடு காரியத்தை இணைத்தவர்களிடம் பழக்கம் கூடுதலாகப் பிடித்தது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. மணி அடித்தால்தான் செய்வது என்று பழகியவருக்கு மணிதான் தூண்டுகோல்; கேத்தல் அல்ல. ஆகவே வசனத்தை எடுத்துச் செல்லும் வாகனமாக மட்டும் மணியை வைத்துக்கொண்டு, பிறகு மெல்ல மெல்ல அதை விலக்க வேண்டும்.

எத்தனை நாளில் என்று கேட்பீர்கள். 21 நாட்கள் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சொல்லப்படுகிறது. லண்டனில் பிலிப்பா லாலி என்பவர் 96 பேரை 12 வாரங்கள் அவதானித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக நடுத்தரமாக 66 நாட்கள் எடுத்தன. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைச் செய்யவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். ஒரு நாள் விட்டுவிட்டால் "எல்லாம் போயிற்று" என்று கைவிடும் நம்மவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது அதைத்தான்.

எங்கள் வீட்டில் ஏழாவது வாரத்திலிருந்து அலாரத்தை ஒன்றுவிட்ட ஒரு நாளுக்கு ஆக்கினோம். கொப்பியில் மாமி புள்ளி வைத்து வந்தார்; மணி அடித்த நாளிலும் அடிக்காத நாளிலும் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் மணி தேவையில்லை என்று பொருள். அடிக்காத நாட்கள் வெறுமையாக இருந்தால் இன்னும் காலம் வேண்டும். மாமிக்கு வெறுமை இருந்தது. ஆகவே மேலும் சில வாரங்கள் விட்டோம்.

முழுப் பரீட்சையை நாங்கள் வைக்கவில்லை, தானாகவே வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் எத்தனை குடும்பங்களைக் கொண்டுபோயின என்பதை வாசகியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் நான்கு நாட்கள் மின்சாரம் இல்லை, மாமியின் கைபேசி இரண்டாம் நாளே அணைந்துவிட்டது, இரவில் மழைச் சத்தத்தில் ஒருவரும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை, மெழுகுதிரி வெளிச்சத்தில் கேத்தல் அடுப்பில் இருக்க, மாமி கதிரையில் இருந்து காலை நீட்டி எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டேன். அந்த நாட்களில் பயிற்சியைப் பற்றி யாருமே நினைத்திருக்கவில்லை. கேட்டபோது, "கேத்தல வச்சதும் கால் தானா வந்திட்டுது" என்றார். மின்சாரம் வந்தபின் அந்த அலாரத்தை நாங்கள் மறுபடி வைக்கவில்லை.

முழங்கால் வலி முற்றாகப் போய்விட்டதா என்றால், இல்லை. மழை நாட்களில் இன்னும் வலிக்கிறது. ஆனால் 42 படிகளையும், இடையில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாமி தனியே இறங்குகிறார். மாதத்தில் இரண்டு வெள்ளிகளாவது கோயிலுக்குப் போகிறார்.

இதே முறையை மாதத்துக்கு ஒருமுறை வரும் காரியங்களுக்கு வைக்கும்போது முன்பாதியைத் தெரிவு செய்வதில் கவனம் வேண்டும். மார்பகத்தைத் தாமே பார்த்துக்கொள்வதற்குப் பல பெண்கள் மாதத்தின் முதலாம் திகதிக்கு ஞாபகமூட்டல் வைக்கிறார்கள். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் மார்பகம் கனத்து, கட்டி கட்டியாகத் தென்படுவது இயல்பு. முதலாம் திகதி அந்த நாட்களில் விழுந்தால் வீண் பயம்தான் மிஞ்சும். மாதவிடாய் தொடங்கி 7 முதல் 10 நாட்களுக்குள் பார்ப்பதே பொருத்தம். ஆகவே இரண்டு கட்டமாக எழுதலாம்: "மாதவிடாய் தொடங்கியதும், அன்றிலிருந்து எட்டாம் நாளுக்கு அலாரம் வைப்பேன்." அந்த அலாரத்துக்குள்: "குளிக்க உடுப்பைக் கழற்றியதும், கண்ணாடி முன் இரண்டு கைகளையும் உயர்த்துவேன்." மாதவிடாய் நின்றவர்களுக்கு ஒரு திகதியை வைத்துக்கொள்வதில் தடையில்லை. இது சுகவனிதையர் கிளினிக்கில் காட்டுவதற்குப் பதிலாகாது. மாற்றம் ஏதும் தெரிந்தால் அங்கே போவதற்குத்தான்.

ஞாபகமூட்டும் கடிதத்துக்குள்ளேயே இப்படி எழுத இடம் விட்டுப் பார்த்த ஓர் ஆய்வும் உண்டு. கேத்தரின் மில்க்மன் என்பவரும் சகாக்களும் 2011இல் வெளியிட்டது. ஓர் அமெரிக்க நிறுவனத்தில் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போடும் நாட்களை அறிவிக்கும் கடிதம் ஊழியர்களுக்குப் போயிற்று. சிலரது கடிதத்தில் மட்டும், எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு வருவேன் என்று தாமே எழுதிக்கொள்ள வெற்றிடம் இருந்தது. அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. வெற்றிடம் இல்லாத கடிதம் பெற்றவர்களில் 33 வீதமானோர் ஊசி போட்டார்கள். வெற்றிடம் இருந்தவர்களில் 37 வீதம். நூற்றுக்கு நான்கு பேர். பெரிதாகச் சொல்லிக்கொள்ளும் எண்ணிக்கையல்ல. ஆனால் செலவு ஒரு கோடு கீறிய இடம் மட்டுமே.

முன்னர் மனதில் வைக்கச் சொன்ன விடயம் இதுதான். மனதில் விருப்பம் இல்லாதவருக்கு இந்த வசனம் ஒன்றும் செய்வதில்லை. விருப்பம் இருந்தும் வழி அடைபட்டவருக்கும் அப்படியே. எங்கள் பாதையில் இருக்கும் ஓர் அக்காவுக்கு சீனி வருத்தம், நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். "பிள்ளைகள் பஸ் ஏறியதும், சப்பாத்தைப் போடுவேன்" என்று நல்லதொரு வசனம் எழுதினார். சப்பாத்தையும் போட்டார். கேற் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். ஏன் என்று நான்கு நாட்கள் கழித்துத்தான் சொன்னார்: மேல் பாதை வளைவில் தெருநாய்கள், கீழ்ப் பாதையில் வேகமாக வரும் முச்சக்கரவண்டிகள். இது தொடங்க மனமில்லாத நிலை அல்ல, பயம். பயத்துக்கு வசனம் மருந்தல்ல. அதற்குக் கூட நடக்க ஒருவர் வேண்டும். இப்போது அவரது வசனத்தின் முன்பாதி மாறியிருக்கிறது: "கேற்றில் மணி அக்கா கூப்பிட்டதும்." மணி அக்காவின் கைபேசியில், காலை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, இவரது பெயர் வருகிறது.